சம்பளம் யார் கொடுப்பது?

டெல்லியில் ஏர் இந்தியா ஊழியர்களுக்கான கேன்டீனில் வேலை செய்தவர்கள், "நாங்களும் ஏர் இந்தியா ஊழியர்களே" என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கேன்டீனை நடத்தியது ஏர் இந்தியாவின் துணை நிறுவனமான இந்திய ஹோட்டல் கழகம். 2014இல் அவர்கள் தோற்றார்கள்.

யார் வேலைக்கு எடுத்தார், யார் சம்பளம் கொடுத்தார், யாருக்கு நீக்கும் அதிகாரம், யார் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார், வேலை தொடர்ச்சியானதா, முழுக் கட்டுப்பாடு யாரிடம் என்றுதான் நீதிமன்றம் பார்த்தது. யாருக்குச் சமைத்துப் போட்டார்கள் என்பது மட்டும் போதவில்லை.

ஏஜென்சி வெறும் பெயருக்குத்தான் என்று நிரூபித்தால் கதை வேறு. ஒப்பந்தம் போலி என்றால் தொழிலாளி முதன்மை நிறுவனத்தின் ஊழியரே என்று 2001இல் ஸ்டீல் ஆணைய வழக்கில் சொல்லப்பட்டது. அதைத் தீர்மானிப்பது தொழில் தீர்ப்பாயம்.

சம வேலைக்குச் சம ஊதியம் என்ற 2016 தீர்ப்பைப் பலர் காட்டுகிறார்கள். அது பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர் வழக்கு. ஏஜென்சி ஆட்களுக்கு அப்படியே பொருந்திவிடாது. அதிலும்கூட, நிரந்தர ஊழியரின் அதே வேலையை, அதே பொறுப்போடு செய்தேன் என்று காட்ட வேண்டியவர் கேட்பவர்தான்.

ஆகவே ஷிப்ட் பட்டியல், கேட் பாஸ், நிறுவன சூப்பர்வைசர் விடுப்பு அனுமதித்த வாட்ஸ்அப் செய்தி, பி.எஃப். கணக்கு விவரம் எல்லாவற்றையும் வேலையில் இருக்கும்போதே பத்திரப்படுத்துங்கள்.