நோட்டீஸ் பீரியட்ல லீவ் கேக்கும்போது ஒரு வரி எக்ஸ்ட்ரா எழுதுங்க

ரிசைன் பண்ணியாச்சு, லீவ் பேலன்ஸ் மிச்சம் இருக்கு. இத என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒரு கணக்கா போட்டே பார்த்துடலாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை பேப்பர் போடுறீங்க. நோட்டீஸ் 60 நாள். அப்போ கடைசி வேலை நாள் செப்டம்பர் 29. புது கம்பெனில அக்டோபர் 6 ஜாயினிங். கையில 10 நாள் ஈஎல், அதாவது எர்ன்ட் லீவ், இருக்கு. பேசிக் 36,000 ரூபாய்.

லீவ தொடாம விட்டா ஃபைனல் செட்டில்மென்ட்ல காசா வரும். பெரும்பாலும் அது பேசிக்க வச்சுத்தான், மொத்த சம்பளத்த வச்சு இல்ல. 36,000-ஐ 30-ஆல வகுத்தா ஒரு நாளுக்கு 1,200; பத்து நாளைக்கு 12,000. லீவ் எடுத்துட்டா சம்பளம் எப்பவும் போல முழுசா வரும், இந்த 12,000 மட்டும் வராது. ரெண்டு வாரம் ஓய்வோட விலை அவ்வளவுதான். எனக்கு அது சீப்பாதான் தெரியுது.

சிக்கல் வேற இடத்துல. சில கம்பெனில நோட்டீஸ்ல எடுத்த லீவ் நாள கடைசி நாளோட கூட்டிடுவாங்க. பத்து வேலை நாள் கூடினா அக்டோபர் ரெண்டாவது வாரம் வந்துடும், 6-ஆம் தேதி ஜாயினிங் போச்சு. அதனால முதல்ல பாலிசியில அந்த வரி இருக்கான்னு பாருங்க. போர்ட்டல் காட்டுற பேலன்ஸையும் அப்படியே நம்பாதீங்க. வருஷத்துக்கான லீவ ஜனவரியிலயே மொத்தமா ஏத்துற கம்பெனியா இருந்தா, நடுவுல கிளம்புறவங்களுக்கு வேலை செஞ்ச மாசத்துக்கு மட்டும்தான் கணக்கு. கூட எடுத்தது செட்டில்மென்ட்ல கழியும்.

“நோட்டீஸ்ல லீவ அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா?”ன்னு மட்டும் எழுதாதீங்க. அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. லீவ்ல இருந்துட்டு 29-ஆம் தேதியே கிளம்புறதுன்னும் எடுத்துக்கலாம், பத்து வேலை நாள் முன்னாடி, 15-ஆம் தேதியே ரிலீவ் ஆகுறதுன்னும் எடுத்துக்கலாம். ரெண்டாவதுல 15-ஓட சம்பளமும் நின்னுடும்.

மெயில் இங்கிலீஷ்லதான் போடுவோம், ஆனா விஷயம் இப்படி இருக்கணும்:

“செப்டம்பர் 8 முதல் 19 வரை 10 நாள் ஈஎல் எடுக்க அனுமதி கேட்கிறேன். ஹேண்ட்ஓவர் செப்டம்பர் 5-க்குள் முடிந்துவிடும். 22-ஆம் தேதி அலுவலகம் வந்து எக்ஸிட் வேலைகளை முடிக்கிறேன். என் கடைசி வேலை நாள் செப்டம்பர் 29 என்பதில் மாற்றம் இல்லை என்று உறுதிப்படுத்தவும்.”

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். மேனேஜருக்கு அனுப்பி ஹெச்ஆர சிசில போடுங்க. மேனேஜர் டீ குடிக்கும்போது “எடுத்துக்கோ பா”ன்னு சொன்னது ரிலீவிங் லெட்டர்ல வராது. லீவ கடைசி வாரத்துல வைக்காம நடுவுல வச்சதுக்கும் காரணம் இருக்கு: நிறைய இடத்துல கடைசி நாள் நேர்ல வந்து லேப்டாப் கொடுத்தாதான் கிளியரன்ஸ்.

மறுத்துட்டா சண்டை வேணாம், நோட்டீஸ்ல லீவ் தர்றது அவங்க முடிவு. “அப்போ 5 நாளாவது கிடைக்குமா, மீதி 5 நாள் என்கேஷ் ஆகுமா?”ன்னு அதே மெயில்லயே கேளுங்க.

இன்னொண்ணு, அந்த லீவ்ல புது ஆபீஸ்ல ஜாயின் பண்ணிடலாம்னு மட்டும் யோசிக்காதீங்க. 29 வரைக்கும் நீங்க பழைய கம்பெனி ஆள்தான். ரெண்டு வேலையும் ஒரே தேதியில ஓடினது பிஎஃப் ஹிஸ்டரில அப்படியே தெரியும்.