அனலும் அடுப்பும் – 14: தோல் மொறுமொறுக்க

சென்ற வாரம் குழம்புக் கோழியைப் பார்த்தோம். இந்த வாரம் ஓவனில் சுடும் தொடையும் காலும். திருக்கடையூரில் இருந்துகொண்டு இதைச் செய்பவருக்கு முதல் எதிரி ஈரம். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, சுற்றிலும் வயல். மழைக்காலத்தில் உப்பு ஜாடியே கசிகிற ஊர் இது. கோழித்தோலை வெளியே வைத்து உலர்த்த முடியாது. அந்த வேலையை ஃபிரிட்ஜிடம்தான் விடவேண்டும்.

கறிக்கடையில் கேட்கும்போதே "தோலோட வேணும், முழுசா, துண்டு போட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பல கடைகளில் தோலை உரித்துவிடுவார்கள். பிராய்லர் போதும். முற்றிய நாட்டுக்கோழிக் கால் ஓவனில் சுடும் நேரத்துக்குள் வேகாது, அதைக் குழம்புக்கே வையுங்கள்.

நான்கு தொடை, நான்கு கால் சேர்ந்து ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். துணியால் நன்றாக ஒற்றியெடுத்து, இரண்டு டீஸ்பூன் தூள் உப்பும் மிளகுத்தூளும் தடவி, தட்டில் மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். உப்பு சதைக்குள் இறங்கும், தோலின் மேல் ஈரம் காயும். காலையில் தொட்டால் காகிதம்போல் வறண்டிருக்க வேண்டும். நம் வழக்கப்படி தயிரில் ஊறவைத்தால் சுவை வரும், ஆனால் மொறுமொறுப்பு வராது. தயிரின் நீர் ஆவியாகி முடியும்வரை தோல் அவிந்துகொண்டுதான் இருக்கும், வறுபடாது.

ஓவனை மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி வைத்து, 220 டிகிரிக்கு முன்கூட்டியே சூடேற்றுங்கள். தட்டின் மேல் கம்பிவலை வைத்து, தோல் மேலே இருக்க, துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். நெருக்கினால் ஒன்றின் ஆவி இன்னொன்றை நனைக்கும். இதற்கு 40 முதல் 45 நிமிடம் ஆகும். இடையில் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், சின்ன ஓவனில் சூடு சட்டென்று இறங்கிவிடும். கால்கள் சிறிதாக இருந்தால் 35 நிமிடத்திலேயே எடுத்துவிடலாம்.

வெந்ததா என்று அறிய வெப்பமானியைச் சதையின் தடித்த பகுதியில், எலும்பில் முட்டாமல் குத்துங்கள். 74 டிகிரி வந்தாலே சாப்பிடப் பாதுகாப்பானது. ஆனால் தொடையில் இணைப்புத் திசு அதிகம். அது கரைந்து சதை மெத்தென்றாக 80 முதல் 85 வரை போக வேண்டும். நெஞ்சுக்கறியை இந்தச் சூட்டுக்கு விட்டால் வறண்டு போகும், தொடை போகாது. எலும்பையொட்டிச் சிவப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறம் அது, வேகாததன் அடையாளம் ஆகாது. வெப்பமானி சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

எடுத்தபின் ஐந்து நிமிடம் வலையிலேயே ஆறவிடுங்கள். விருந்தாளி வரும்வரை சூடாயிருக்கட்டுமே என்று ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால், இரவெல்லாம் காயவைத்த தோல் பத்தே நிமிடத்தில் தொளதொளத்துவிடும். அவர்கள் வரத் தாமதமானால் 200 டிகிரியில் எட்டு, பத்து நிமிடம் மறுபடி ஓவனில் வைத்தால் போதும்.