கெட்டிலின் அடியில் ஒரு பாறை

போன மாதம் எங்கள் வீட்டு எலக்ட்ரிக் கெட்டிலைக் கழுவுவதற்கு முன் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். கழுவி, துடைத்து, காயவைத்து மறுபடி வைத்தபோது 10 கிராம் குறைந்திருந்தது. இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. கெட்டிலின் அடியில் அவ்வளவு வெள்ளைப் படிவு இருந்திருக்கிறது. அது முழுக்கப் பாறை.

நாம் அதை உப்பு என்கிறோம். போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் எல்லா வீடுகளிலும் "பாத்திரத்தில் உப்பு படிஞ்சிருக்கு" என்ற பேச்சு உண்டு. ஆனால் நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்காது. அது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும், சிப்பி ஓடும், முட்டை ஓடும் இதே பொருள்தான்.

பாறை எப்படிக் கெட்டிலுக்குள் வந்தது? மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சாக விட்ட கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. அதனால் லேசாகப் புளிப்பேறிய அந்த நீர், வழியில் அகப்படும் சுண்ணாம்புக்கல்லை மெல்ல அரித்து, கண்ணுக்குத் தெரியாத பைகார்பனேட்டாக்கித் தன்னோடு எடுத்துப் போகிறது. நாம் அதைக் கொதிக்கவைத்ததும் எல்லாம் தலைகீழாகிறது. வாயு ஆவியோடு வெளியேற, கல் மீண்டும் கல்லாகிறது. சர்க்கரை சுடுநீரில் அதிகம் கரையும். சுண்ணாம்புக்கு அந்த வழக்கம் கிடையாது. சூடு ஏற ஏற அது நீரை விட்டு விலகி, எங்கே அதிகச் சூடோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கெட்டிலின் அடித்தட்டில் கனமாகவும், பக்கச் சுவரில் மெல்லியதாகவும் அது படிவதற்குக் காரணம் இதுதான்.

குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் படியக்கூடிய நீரைத் தினம் இரண்டு லிட்டர் காய்ச்சினால் மாதத்துக்கு 18 கிராம் கல் பிரியும். அதில் பாதி நீரோடு போய்விட்டாலும் மீதிப் பாதி கெட்டிலில் தங்கிவிடும்.

இதைக் கரைக்க வீட்டில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வினிகர். மற்றொன்று மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்றும் சிட்ரிக் ஆசிட் என்றும் கேட்டால் தரும் வெள்ளைப் பொடி. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே: கல்லுக்குள் பூட்டிக் கிடக்கும் கரியமில வாயுவை விடுவிப்பது. நுரைத்துப் பொங்கும் அந்தக் குமிழிகள், முன்னொரு காலத்தில் மண்ணிலும் கடலிலும் கரைந்திருந்த வாயு. என்னுடைய 10 கிராம் கல்லிலிருந்து மட்டும் இரண்டு லிட்டருக்கும் மேல் வாயு கிளம்பியிருக்கும். இரண்டு ஒரு லிட்டர் குளிர்பான பாட்டில்களை அது நிரப்பிவிடும்.

கணக்கு போட்டால் முதல் வியப்பு வருகிறது. 10 கிராம் கல்லைக் கரைக்க 12 கிராம் அசிட்டிக் அமிலம் வேண்டும். சிட்ரிக் அமிலம் என்றால் கிட்டத்தட்ட 13 கிராம். எடைக்கு எடை இரண்டும் ஏறக்குறைய சமம்! வித்தியாசம், அவை வீட்டுக்கு வரும் விதத்தில் இருக்கிறது. நம் கடை வினிகரில் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான் அமிலம், மற்றதெல்லாம் தண்ணீர். 12 கிராம் அமிலம் வேண்டுமானால் 300 மில்லி வினிகர் ஊற்றவேண்டும். அமிலம் தீரத் தீர வேகம் குறைவதால், நடைமுறையில் அதற்கு இரண்டு மடங்கு. அரை லிட்டருக்கு மேல் வினிகர் ஊற்றிய கெட்டிலின் வாடை வீடெங்கும் பரவும். அசிட்டிக் அமிலம் எளிதில் ஆவியாவது, சூடாக்கினால் கண் எரியும். சிட்ரிக் பொடியோ இரண்டு மேசைக்கரண்டி போதும், மணமே கிடையாது.

அப்படியானால் சிட்ரிக்தான் வென்றது என்று நினைத்துத்தான் நானும் ஒருமுறை தவறு செய்தேன். கெட்டியாகக் கல் பிடித்த பாத்திரத்தில் கொஞ்சம் பொடி போட்டு, நன்றாகக் கொதிக்கவைத்து, இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் பழைய படிவுக்குப் பதில் புதிதாக ஒரு வெள்ளை மாவு அடியில் படிந்திருந்தது. தேய்த்தாலும் வரவில்லை, மேலும் அமிலம் ஊற்றினாலும் நுரைக்கவில்லை.

அந்த மாவு கால்சியம் சிட்ரேட். வினிகர் கல்லோடு சேர்ந்து உண்டாக்கும் கால்சியம் அசிட்டேட் நீரில் தாராளமாகக் கரையும். ஒரு லிட்டரில் முந்நூறு கிராம்கூடப் போகும். கால்சியம் சிட்ரேட்டோ ஒரு லிட்டரில் ஒரு கிராம்கூடச் சரியாகக் கரையாது, சூடு ஏறினால் இன்னும் குறைவு. ஆக, கொதிக்கவைத்தது முதல் தவறு. பொடியைச் சிக்கனமாகப் போட்டது இரண்டாவது. அமிலம் மிகுந்திருந்தால் சிட்ரேட்டின் பெரும்பகுதி எளிதில் கரையும் வேறு வடிவில் நிற்கும். இரவு முழுக்க விட்டது மூன்றாவது. கரைசலில் தற்காலிகமாக மிதந்திருந்ததும் அந்த நேரத்தில் படிந்துவிட்டது.

இந்த விபத்துக்குப் பெருமையான வரலாறு ஒன்று உண்டு. 1784இல் ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தை முதன்முதலில் படிகமாகப் பிரித்தார். சாற்றில் சுண்ணாம்பைச் சேர்த்தார். கால்சியம் சிட்ரேட் அடியில் படிந்தது. அதை வடித்து, கந்தக அமிலத்தால் சிட்ரிக் அமிலத்தை விடுவித்தார். என் பாத்திரத்தில் நடந்தது அவர் வேண்டுமென்றே செய்த அதே வினை. இன்று இந்தப் பொடி எலுமிச்சையிலிருந்தே வருவதில்லை என்பது இன்னொரு அதிசயம். பழைய வெங்காயத் தோலில் கறுப்புப் பொடியாகப் பூத்திருக்குமே, அந்தப் பூஞ்சைக்குச் சர்க்கரையைக் கொடுத்தால் சிட்ரிக் அமிலத்தைச் சுரக்கும் என்று 1917இல் அமெரிக்கர் ஜேம்ஸ் கரி காட்டினார். உலகத்தின் பெரும்பகுதி சிட்ரிக் அமிலம் இப்போது அந்தப் பூஞ்சை தருவதுதான்.

எனவே கெட்டிலுக்கு நான் இப்போது செய்வது இது. அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டிப் பொடி. கல் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, ஸ்விட்சைத் தொடாமல் அரை மணி நேரம். குமிழி அடங்கியதும் உடனே கொட்டிவிடுவேன். கல் மிச்சமிருந்தால் புதிய கரைசலில் இரண்டாம் முறை. முட்டை ஓட்டுப் பருமனுக்குக் கல் ஏறிவிட்டிருந்தால் முதல் சுற்றுக்கு வினிகர்தான் நல்லது, வாடையைப் பொறுத்துக்கொள்ளலாம். கடைசியில் வெறும் நீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டவேண்டும். தொடக்கத்திலேயே ஒரு துளி விட்டும் நுரைக்கவில்லையா? அது கார்பனேட் இல்லை, ஜிப்சமோ மணற்சத்துப் படிவோ. அதற்கு இரண்டு அமிலமும் அதிகம் உதவாது.

இனி, எது தாங்கும், எது தாங்காது? கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் இரண்டும் ஒன்றே, ஒரு கெடுதியும் இல்லை. எவர்சில்வருக்குச் சிட்ரிக் அமிலம் நன்மையே செய்கிறது. எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய தோல். சிட்ரிக் அமிலம் மேற்பரப்பில் ஒட்டிய இரும்புத் துகள்களைப் பிடுங்கி எடுத்துவிடுவதால் அந்தத் தோல் இன்னும் ஒழுங்காக வளரும். தொழிற்சாலைகளில் இதையே ஒரு முறையாகச் செய்கிறார்கள். பாத்ரூம் ஆசிட்டை மட்டும் எவர்சில்வர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள குளோரைடு தோலைத் துளைத்துக் குழி போட்டுவிடும்.

இரும்பைப் பிடுங்கும் அதே திறமை அலுமினியத்துக்கு ஆபத்து. சிட்ரிக் மூலக்கூறு நண்டு தன் கொடுக்கால் பற்றுவதைப் போல உலோக அணுவைப் பல பக்கமிருந்தும் பிடித்துக்கொள்ளும். வேதியியலில் இதற்குக் கொடுக்கிணைப்பு என்றே பெயர். அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடுத் தோல் தலைமுடியின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கொடுக்கு அதைக் கொத்திக் கொத்தி எடுத்துவிடும். குக்கர் அடியில் கறுக்காமலிருக்க எலுமிச்சைத் தோல் போடுகிறோமே, அது கால் மணி நேரத்து நீர்த்த அமிலம், பரவாயில்லை. இட்லிக் கொப்பரையில் பொடி கரைத்து இரவு முழுக்க ஊறவைத்தால் மங்கலும் சிறு குழிகளும் மிஞ்சும். வினிகரும் இதைச் செய்யும். அலுமினியத்துக்குப் பத்து நிமிடம், பிறகு உடனே அலசல். அதற்கு மேல் வேண்டாம்.

குழாய்களின் கதை வேறு. பளபளக்கும் குரோமியம் பூச்சு இந்த அமிலங்களைத் தாங்கும். அதன் அடியில் நிக்கல், அதற்கும் அடியில் பித்தளை. பூச்சில் ஒரு கீறல் இருந்தால் அமிலம் அதன் வழியே பித்தளையைத் தொட்டுவிடும். வினிகரில் நனைத்த துணியை இரவெல்லாம் குழாயில் சுற்றிவைப்பவர்கள் காலையில் ஓரங்களில் பச்சை பார்ப்பது இதனால்தான். பித்தளையில் புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும் என்று நம் பாட்டிகள் ஈயம் பூசினார்களே, அந்தக் களிம்பு. ஐரோப்பிய ஓவியர்கள் ஒரு காலத்தில் செப்புத் தகடுகளை வினிகர் ஆவியில் வைத்து இதே பச்சையைச் சாயமாகச் சுரண்டி எடுத்தார்கள். குழாய்க்குச் சிட்ரிக் கரைசலில் நனைத்த துணி, கால் மணி நேரம், அவ்வளவே. ரப்பர் வளையங்கள் உள்ள இடத்திலும் சிட்ரிக்கே மேல். சிறிய அசிட்டிக் மூலக்கூறு சில ரப்பர் வகைகளுக்குள் ஊடுருவி உப்பவைக்கும். எந்த அமிலத்தையும் ப்ளீச்சிங் பவுடரோடு கலக்கவே கூடாது, நச்சு வாயுவான குளோரின் வரும்.

கடைசியாக, அமிலத்துக்குக் கெட்டிலின் கறை எது, வீட்டின் தளம் எது என்று தெரியாது. மார்பிள், மொசைக், டைல்ஸ் இடுக்குச் சிமெண்ட் எல்லாவற்றிலும் அது தேடும் கார்பனேட் இருக்கிறது. நம் வீடுகளில் சமையல் மேடையாகப் போடும் கறுப்புக் கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக்கல்தான். அதன்மேல் அரை மூடி எலுமிச்சையைக் கவிழ்த்து வைத்தாலே வட்டமாக ஒரு வெளிறல் விழும். தேய்த்துப் போக்க அது கறையும் இல்லை. கல்லின் மேற்பரப்பே கரைந்துபோன இடம். ஆகவே கெட்டிலில் ஊறிய கரைசலை நேராகத் தொட்டியில் கொட்டுங்கள். கடப்பா மேடையில் ஒரு சொட்டு சிந்தினாலும் அப்போதே தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள்.