வேலை முதலில், எண் பிறகு

ஹோட்டலுக்குப் போன் போடுகிறவர் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் செல்போனுமாகப் பேருந்து நிலையத்தில் நிற்பவராக இருக்கலாம். எதையும் எழுதிக்கொள்ள முடியாது. காதில் விழுந்ததை நினைவில் வைத்துத்தான் எண்ணை அழுத்த வேண்டும்.

"எண் ஒன்றை அழுத்தினால் அறைப் பதிவு" என்று குரல் சொன்னால், அந்த ஒன்று எதற்கென்று தெரியும்வரை அவர் அதை மனதில் சுமக்க வேண்டும். நான்காவது வரியில் தன் வேலை வரும்போது எண் நழுவியிருக்கும். "அறைப் பதிவுக்கு ஒன்று" என்றால் அந்தத் தொல்லை இல்லை. தன் வேலை காதில் பட்டதும் கவனம் கூடுகிறது. உடனே எண் வருகிறது, விரல் போகிறது. தமிழில் இப்படிச் சொல்வதே இயல்பு. ஆங்கிலப் பதிவை வரிக்கு வரி பெயர்த்து அந்த வசதியை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

மதுரையில் 40 அறைகள், ஓர் உணவகம், ஒரு கல்யாண ஹால் கொண்ட ஹோட்டல் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இவ்வளவு போதும்: "வணக்கம். அறைப் பதிவுக்கு ஒன்று. உணவகத்துக்கு இரண்டு. கல்யாண ஹாலுக்கு மூன்று. தங்கியிருப்பவரிடம் பேசவும் மற்ற எதற்கும் பூஜ்யம்." நிதானமாகப் படித்தாலும் கால் நிமிடம் ஆகாது. அதிகம் பேர் கேட்பது முதலில் வர வேண்டும். கணக்குப் பிரிவு, கொள்முதல் எல்லாம் இதில் வேண்டாம். சரக்கு தருகிறவர்களுக்குத் தனி எண் கொடுத்துவிடலாம்.

தங்கியிருப்பவரைத் தேடும் அழைப்பு பூஜ்யத்துக்குப் போவதற்குக் காரணம் உண்டு. ஆபரேட்டர் விருந்தினரின் பெயரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் இணைப்பார். அறை எண்ணைச் சொல்ல மாட்டார். வெளியாள் நேராக அறைக்கு டயல் செய்ய வழி விட்டால் இந்தக் காவல் போய்விடும்.

"தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு" என்று தொடங்குவதும் குழப்பமே. அழுத்திய ஒன்று அடுத்த நொடி வேறு பொருள் கொள்கிறது. நான்கே வரிதான் என்பதால், தமிழில் முழுக்கச் சொல்லிவிட்டு, அதே எண்களோடு ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னால் போதும்.

குரல் ஓடும்போதே அழுத்தினாலும் இணைப்பு ஏற்க வேண்டும். பழகியவர் முழுவதும் கேட்கக் காத்திருக்க மாட்டார்.

பெரும்பாலும் கோளாறு வருவது இரவில்தான். பதினொன்றரைக்கு இரண்டை அழுத்தினால், பூட்டிய உணவகத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். உணவகம் மூடும் நேரத்தை இணைப்பகத்தில் பதிந்து, அதன் பின் அந்த அழைப்பு வரவேற்பறைக்குப் போகும்படி அமைக்க வேண்டும். பகலிலும் 20 நொடிக்குள் யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு அங்கேயே திரும்ப வேண்டும்.

ஹோட்டல் நடத்துகிறவர்கள் இன்று இரவே வெளியிலிருந்து, சொந்த செல்போனில், தங்கள் எண்ணை ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.