முப்பத்தெட்டு டாலர் எங்கே போனது?

மதுரையிலிருந்து கோலாலம்பூரில் உள்ள ஒரு தமிழ் மளிகை வியாபாரிக்கு அப்பளம் ஏற்றுமதி செய்பவர் ஒருவரை வைத்துக்கொள்வோம். இன்வாய்ஸ் 6,450 டாலர். சரக்கு போய்ச் சேர்ந்தது, பணமும் வந்தது. ஆனால் வந்தது 6,412 டாலர். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போகிறது: “சார், பேமென்ட் கம்மியா வந்திருக்கு. பாக்கியை உடனே அனுப்புங்க. எங்க லாபமே இதுலதான் இருக்கு.”

வாங்கியவர் தன் கணக்கைப் பார்க்கிறார். 6,450 டாலருக்கான ரிங்கிட் முழுதாகப் போயிருக்கிறது. போதாததற்கு அவருடைய வங்கி தனியாக ஒரு கட்டணமும் எடுத்திருக்கிறது. அவர் பார்வையில் அவர் கொடுக்க வேண்டியதற்கு மேலேயே கொடுத்திருக்கிறார். அவரைப் போய் குறைத்துக் கொடுத்தவர் என்கிறது இந்தச் செய்தி. எந்த இன்வாய்ஸ், எவ்வளவு குறைவு என்றும் அதில் இல்லை. பதில் வராவிட்டால் வியப்பதற்கில்லை.

மலேசியாவிலிருந்து இந்தியாவுக்கு டாலர் வரும்போது அது பெரும்பாலும் அமெரிக்க வங்கிகள் வழியாகத்தான் வருகிறது. வழியில் இருக்கும் வங்கிகள் தங்கள் கூலியை அந்தத் தொகையிலேயே கழித்துக்கொள்ளலாம். கழிப்பார்களா என்பதை, பணம் அனுப்பும் படிவத்தில் உள்ள ஒரு சிறு குறிப்பு தீர்மானிக்கிறது. OUR என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது. SHA என்றால் அவரவர் வங்கிக் கட்டணம் அவரவருக்கு; வழியில் கழிவது பெறுபவர் தலையில். BEN என்றால் மொத்தமும் பெறுபவருக்கு. வங்கிகளின் புதிய செய்தி வடிவத்தில் இவையே DEBT, SHAR, CRED என்று இருக்கும்.

ஆகவே எழுதுவதற்கு முன் உங்கள் வங்கியிடம் அந்தப் பணத்துக்கான ஸ்விஃப்ட் நகலைக் கேளுங்கள். நம் அப்பளக்காரருக்குக் கிடைத்த நகலில், பழைய வடிவத்தில், இந்த வரிகள் இருந்தன:

```
32A: ... USD6412,00
33B: USD6450,00
71A: SHA
71F: USD18,00
71F: USD20,00
```

33B என்பது அனுப்பச் சொன்ன தொகை. அது 6,450 என்றால் வாங்கியவர் முழுதாகவே அனுப்பியிருக்கிறார். 18-ம் 20-ம் வழியில் கழிந்தவை. அந்த வரியே 6,400 என்று இருந்தால் கதை வேறு: அவர் தரக்குறைவு என்றோ தள்ளுபடி என்றோ எதையோ கழித்திருக்கிறார், அதைத்தான் கேட்க வேண்டும். டாலரை டாலரோடு மட்டும் ஒப்பிடுங்கள். கணக்கில் ஏறிய ரூபாயை இணையத்தில் பார்த்த மாற்று விகிதத்தால் வகுத்தால், நம் வங்கி கொடுத்த விகிதமும் அது பிடித்த கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து இல்லாத பாக்கியைக் காட்டும். அவை வாங்கியவரிடம் கேட்கத்தக்கவை அல்ல.

இரண்டாவதாக, புரொஃபார்மா இன்வாய்ஸைப் பாருங்கள். இவருடையதில், இந்தியாவுக்கு வெளியே ஆகும் வங்கிக் கட்டணம் வாங்குபவருடையது என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்த பலத்தில் செய்தி இப்படி மாறலாம்:

“வணக்கம் சார். இன்வாய்ஸ் 47-க்கான பணம் நேற்று வந்து சேர்ந்தது, நன்றி. நீங்கள் 6,450 டாலர் முழுதாக அனுப்பியிருப்பது வங்கி நகலில் தெரிகிறது. வழியில் இரண்டு வங்கிகள் 38 டாலர் கழித்து, எங்களுக்கு 6,412 வந்திருக்கிறது. உங்கள் வங்கியில் கட்டணம் SHA என்று போட்டிருக்கிறார்கள். நம் புரொஃபார்மாவின் 6-ஆம் நிபந்தனைப்படி இது உங்கள் பக்கம் வருகிறது. தனியாக அனுப்ப வேண்டாம். அடுத்த லோடு அட்வான்ஸோடு சேர்த்து அனுப்பினால் போதும். டெபிட் நோட்டும் வங்கி நகலும் இணைத்திருக்கிறேன். அடுத்த முறை OUR என்று போடச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுச் சரி என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

தனியாக அனுப்ப வேண்டாம் என்ற வரி முக்கியமானது. 38 டாலரைத் தனியே அனுப்பினால் மறுபடியும் அதே வங்கிகள் அதே வழியில் கழிக்கும். பாதிகூட மிஞ்சாமல் போகலாம். அதற்காக அடுத்த இன்வாய்ஸில் அப்பளத்தின் விலையை 38 டாலர் ஏற்றிப் போடவும் கூடாது. ஷிப்பிங் பில்லில் காட்டும் மதிப்பு சரக்கின் உண்மையான விலையாகவே இருக்க வேண்டும். டெபிட் நோட் அதனால்தான். பணம் வந்ததும், இந்த 38 டாலர் பழைய ஷிப்பிங் பில்லுக்கு உரியது என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

புரொஃபார்மாவில் அப்படி ஒரு வரியே இல்லையென்றால் 38 டாலரைக் கேட்பதற்கு நமக்குப் பிடிமானம் இல்லை. அப்போது நிபந்தனை, டெபிட் நோட் பற்றிய வாக்கியங்களை எடுத்துவிட்டு, நடந்ததைச் சொல்லி, அடுத்த முறைக்கு OUR என்று மட்டும் கேட்பதே நேர்மை. நம் வங்கியிடமும் அது அந்நிய வங்கிக் கட்டணம் என்று நகலைக் காட்டி அந்த பில்லை முடித்துத் தரக் கேட்கலாம்.

OUR என்று போட்டும் கழிந்திருந்தால் கேள்வி வாங்கியவரிடம் அல்ல, அவருடைய வங்கியிடம் போக வேண்டும். நகலில் உள்ள UETR என்ற 36 எழுத்து அடையாள எண்ணை அவருக்கு அனுப்பி, “உங்கள் வங்கியில் இதைக் காட்டி, எந்த வங்கி கழித்தது என்று விசாரிக்க முடியுமா?” என்று கேளுங்கள். கட்டணத்தை முன்பே கட்டியவர் அவர். கேள்வி கேட்க அவருக்கும் காரணம் இருக்கிறது.