பாலாற்று வீடியோவும் ஒரு ஸ்ட்ரைக்கும்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ யூடியூப் சேனல் நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிரியாணிக் கடை, ஷூ தைக்கும் பட்டறை, தோல் ஷாப்பில் சுழலும் டிரம் என்று உள்ளூரைக் காட்டிப் பார்வையாளர்களைச் சேர்த்தவர். ஒரு நாள் பாலாற்றில் கழிவுநீர் நுரைத்து ஓடுவதைத் தன் கேமராவில் எடுத்துப் போடுகிறார். இந்த ஆற்றுக்காக உச்ச நீதிமன்றம் 1996-இலும், மறுபடி 2025 ஜனவரியிலும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்பதால் செய்தித் தொலைக்காட்சி ஒன்று அதில் இருபது விநாடியை எடுத்துத் தன் செய்தியில் ஓட்டுகிறது. அந்தச் செய்தித் தொகுப்பு முழுவதையும் தன்னுடையது என்று யூடியூப்பின் கன்டென்ட் ஐடியில் பதிவும் செய்கிறது. பிறகு நடப்பதுதான் வேடிக்கை. படம் எடுத்தவரின் வீடியோவைப் பார்த்து, இது தொலைக்காட்சிக்குச் சொந்தமான காட்சி என்கிறது இயந்திரம். விளம்பர வருமானம் தொலைக்காட்சியின் பக்கம் திரும்புகிறது.

இது கற்பனை உதாரணம்தான். ஆனால் இந்த வகைத் தலைகீழ்ப் புகார் யூடியூப்பில் புதிதல்ல. மாட்டிக்கொண்டவர் முதலில் பார்க்க வேண்டியது, தனக்கு வந்திருப்பது கிளெய்மா, ஸ்ட்ரைக்கா என்பதை. இரண்டையும் நம்மூரில் ஒரே பெயரில் ‘காப்பிரைட் அடிச்சிட்டாங்க’ என்று சொல்லிவிடுகிறார்கள். கிளெய்ம் பெரும்பாலும் இயந்திரம் போடுவது. வீடியோ வழக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும், காசு மட்டும் கைமாறும். ஸ்ட்ரைக் என்பது ஒருவர் சட்டப்படி நீக்கல் கோரிக்கை கொடுத்து வருவது, வீடியோவே போய்விடும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே போய்விடும்.

கிளெய்ம் என்றால் நாள்தான் முக்கியம். வந்த ஐந்து நாளுக்குள் ஆட்சேபம் பதிவு செய்தால், முதல் நாளிலிருந்து வரும் விளம்பரக் காசை யூடியூப் யாருக்கும் கொடுக்காமல் தனியே வைத்திருக்கும். ஜெயித்தவருக்கு அது போய்ச் சேரும். ஐந்து நாள் கடந்துவிட்டால், ஆட்சேபித்த நாளிலிருந்துதான் நிறுத்திவைக்கும். அதற்கு முந்தைய காசு உரிமை கோரியவருக்கே. புதிய வீடியோவுக்கு முதல் வாரத்தில்தான் பார்வை கொட்டும். ‘ஆடிட்டரைக் கேட்டுட்டு வரேன்’ என்று பத்து நாள் இழுத்தால், நியாயம் நம் பக்கம் இருந்தும் காசு அந்தப் பக்கம் போயிருக்கும்.

நம் உதாரணத்தில் கிளெய்ம் மார்ச் 1-இல் வந்தது, அவர் மார்ச் 4-இல் ஆட்சேபித்தார் என்று வைத்துக்கொள்வோம். எதிராளிக்கு 30 நாள் அவகாசம். வாய் திறக்காவிட்டால் கிளெய்ம் தானாக விழும். நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். அதையும் ஐந்து நாளுக்குள் செய்தால்தான் காசு தொடர்ந்து நிறுத்திவைக்கப்படும். அப்போது எதிராளிக்கு ஏழு நாள். அதற்குள் அவர் விட்டுக்கொடுக்கலாம், பேசாமல் இருந்து கிளெய்மைக் காலாவதியாக விடலாம், அல்லது சட்டப்படி நீக்கல் கோரிக்கை கொடுக்கலாம். மூன்றாவதைச் செய்தால் கிளெய்ம் ஸ்ட்ரைக்காக மாறுகிறது.

ஆட்சேபத்தில் உணர்ச்சிவசப்பட்டு எழுதுவதால் பயனில்லை. ‘இது என் உழைப்பு, வயிற்றில் அடிக்காதீர்கள்’ என்பதைவிட, ‘உங்கள் செய்தியில் வரும் அந்த இருபது விநாடி, என் வீடியோவில் இன்ன நிமிடத்தில் உள்ளது, என் வீடியோ உங்கள் ஒளிபரப்புக்கு முன்பே இந்தத் தேதியில் பதிவேறியது, வெட்டாத மூலக் கோப்பு என்னிடம் இருக்கிறது’ என்ற வரிகள் வேலை செய்யும். கேமராவின் மூலக் கோப்பில் எடுத்த தேதியும் நேரமும் பதிந்திருக்கும். திருடியவரிடம் வெட்டிய துண்டு மட்டுமே இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஓடிய காட்சி எடுத்தவரிடம்தான் இருக்கும்.

ஸ்ட்ரைக் விழுந்துவிட்டால் வழி வேறு. வீடியோவை அழித்துவிட்டால் ஸ்ட்ரைக் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு, போகாது. 90 நாள் காத்திருக்கலாம், புகார் கொடுத்தவரே திரும்பப் பெறும்படி கேட்கலாம், எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். காத்திருந்தால் ஸ்ட்ரைக் காலாவதியாகும், வீடியோ திரும்பாது. எதிர் அறிவிப்பு என்பது அமெரிக்கச் சட்டப்படியான ஆவணம். தவறுதலாக நீக்கப்பட்டது என்று நம்புவதாக, பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு உறுதி சொல்ல வேண்டும். யூடியூப் இருக்கும் பகுதியின் அமெரிக்க நீதிமன்ற அதிகார வரம்பை ஆம்பூரில் இருப்பவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின் புகார்தாரருக்குப் பத்து அமெரிக்க வேலை நாள். அதற்குள் வழக்குப் போட்டதற்கான சான்று வராவிட்டால் வீடியோ திரும்பும், ஸ்ட்ரைக் நீங்கும். ஆனால் வீடியோ மறைந்திருந்த நாட்களில் விளம்பரமே ஓடவில்லை. நிறுத்திவைக்கக் காசும் இல்லை. கிளெய்மில் காசு காத்திருக்கும், ஸ்ட்ரைக்கில் காணாமலே போய்விடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எதிர் அறிவிப்பில் கொடுக்கும் பெயரும் முகவரியும் புகார்தாரருக்குப் போகும். 2019-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பிரேடி என்பவர், மைன்கிராஃப்ட் விளையாட்டு வீடியோ போடுபவர்கள் மீது பொய்ப் புகார் கொடுத்து, திரும்பப் பெறப் பணம் கேட்டதாக யூடியூப்பே வழக்குப் போட்டது. எதிர் அறிவிப்பு வழியாக முகவரி தெரிந்துகொள்வதும் அவர் நோக்கமாக இருந்திருக்கும் என்று அந்த மனு குற்றஞ்சாட்டியது. அவர் 25,000 டாலர் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு வழக்கை முடித்துக்கொண்டார். ஆகவே சந்தேகமான ஆள் என்றால் வழக்கறிஞர் மூலம், அவர் முகவரியில் எதிர் அறிவிப்பு கொடுப்பதே நல்லது. கழிவுநீரைப் படம் எடுத்தவருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். அவர் வீடு எங்கே என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஊரில் இருக்கலாம்.

பணம் கொடுத்தால் திரும்பப் பெறுகிறோம் என்ற பேச்சு நம் நாட்டிலும் எழுந்தது. 2025 மே மாதம் யூடியூபர் மோகக் மங்கல், ஏஎன்ஐ செய்தி நிறுவனத்தின் சில விநாடிக் காட்சிகளுக்காகத் தனக்கு ஸ்ட்ரைக் விழுந்ததாகவும், தீர்த்துக்கொள்ள 40 லட்சத்துக்கு மேல் கேட்கப்பட்டதாகவும் வீடியோ வெளியிட்டார். தங்கள் உரிமையைச் சட்டப்படி காப்பதாக ஏஎன்ஐ சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்கும் போட்டது. அவர் தன் வீடியோவில் சில சொற்களை நீக்க ஒப்புக்கொண்டார். பிறர் காட்சியை விமர்சனத்துக்கோ நடப்புச் செய்திக்கோ நியாயமாக எடுத்தாள இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் எத்தனை விநாடி வரை என்று அதில் எழுதவில்லை. அதை நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும். நம் பாலாற்றுக்காரருக்கு அந்தக் கவலையே இல்லை, காட்சி அவருடையது.

அவருக்கு உதவக்கூடியது அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு. அடிப்படையின்றிப் பதிப்புரிமை மீறல் என்று மிரட்டினால், மீறல் இல்லை என்ற அறிவிப்பையும் தடையுத்தரவையும் இழப்பீட்டையும் கோரி மிரட்டப்பட்டவரே வழக்குப் போடலாம். எதிராளி உரிய கவனத்தோடு மீறல் வழக்கைத் தொடங்கிவிட்டால் இந்தப் பிரிவு பொருந்தாது. 2013-ஆம் ஆண்டு விதிகளிலும் ஒரு கடிவாளம் உண்டு. புகார்தாரர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால், வலைத்தளம் அந்தப் படைப்பைத் திரும்பக் காட்டலாம். ‘காட்ட வேண்டும்’ என்று எழுதியிருந்தால் பயன் அதிகம். சட்டம் ‘காட்டலாம்’ என்று நிறுத்திக்கொண்டது.

வீடியோ மறைந்திருந்த வாரங்களின் வருமானத்தை மீட்க இழப்பீட்டு வழக்கு ஒன்றே வழி. அதற்கு முந்தைய மாதங்களின் யூடியூப் ஸ்டுடியோ வருமானக் கணக்கும், ஸ்ட்ரைக் வந்த மின்னஞ்சலும், மூலக் கோப்பும் வேண்டும். மெமரி கார்டை அடுத்த ஷூட்டிங்குக்காக அழிப்பதற்கு முன் ஒரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள்.