முப்பது வருஷம் மலையில்... கடைசிக் கணக்கு கைக்கு வரும் வழி!

விடியற்காலை நான்கரை மணிக்கே தேனி மாவட்டத்தின் கிராமங்களில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என மூன்று மலைப்பாதைகளிலும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்கள் ஏறிப்போவார்கள். மாலையில் அதே ஜீப்புகள் இறங்கிவரும். இவர்கள் தினமும் போய்வருகிறவர்கள். இன்னொரு கூட்டம் உண்டு. சிறுவயதிலேயே மலையேறி, லயத்தில் குடியிருந்து, ஒரே எஸ்டேட்டில் பேர் பதிந்து முப்பது வருஷம் உழைத்துவிட்டு, உடம்பு தளர்ந்தபின் கீழே இறங்கி வருகிறவர்கள். பழனிசெட்டிபட்டி, சின்னமனூர், கம்பம் பக்கம் ஒரு சின்ன வீட்டில் மிச்ச காலத்தைக் கழிக்கலாம் என்று வரும் அவர்கள் நம்பியிருப்பது இரண்டு தொகைகளைத்தான். ஒன்று பி.எஃப்., இன்னொன்று கிராஜுவிட்டி.

இரண்டையும் சேர்த்து 'சர்வீஸ் பணம்' என்றே பலரும் சொல்கிறார்கள். சிக்கலே அங்குதான் ஆரம்பம். பி.எஃப். பணம் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து அரசு அமைப்பான ஈ.பி.எஃப்.ஓ.வில் சேர்வது. அதைக் கொடுக்க வேண்டியது ஈ.பி.எஃப்.ஓ. கிராஜுவிட்டிக்கு தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிப்பதில்லை. அது முழுக்க முதலாளி தன் கையிலிருந்து தரவேண்டியது. பி.எஃப். பணம் வந்துவிட்டது என்பதால் கிராஜுவிட்டியும் அதில் அடங்கிவிட்டது என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

இதில் தேனிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, தோட்டம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது. மேகமலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவருக்கு எல்லாமே தமிழ்நாட்டுக்குள். இடுக்கி மாவட்டத்துத் தோட்டத்தில் உழைத்தவர் பழனிசெட்டிபட்டியில் குடியிருந்தாலும், கிராஜுவிட்டி புகார் கொடுக்க வேண்டியது கேரளத் தொழிலாளர் துறையிடம்தான். தேனியில் மனு கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பதால் பயனில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பெண் தொழிலாளி 1996 ஜூன் மாதம் எஸ்டேட் செக்ரோலில் பேர் பதிந்து, 2025 ஆகஸ்ட் மாதம் 58 வயதில் ஓய்வு பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக வாங்கிய தினக்கூலி, பஞ்சப்படியோடு சேர்த்து 450 ரூபாய். சர்வீஸ் 29 வருஷம், அதற்கு மேல் சில மாதங்கள். ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அதையும் முழு வருஷமாக எடுக்க வேண்டும். இங்கே தாண்டவில்லை. ஆகவே 29.

ஒரு வருஷ சர்வீஸுக்கு 15 நாள் கூலி என்பதுதான் சட்டம். 15-ஐ 29-ஆல் பெருக்கினால் 435 நாள். 435 நாளுக்கு 450 ரூபாய் வீதம் 1,95,750 ரூபாய். இவ்வளவுதான் கணக்கு.

இதிலேயே பணம் குறையும் இடங்கள் சில இருக்கின்றன. மாதச் சம்பளமாக எழுதும் இடங்களில், ஒரு நாள் கூலியைக் கண்டுபிடிக்க மாதத்தை 30-ஆல் வகுப்பார்கள். தவறு. வாரவிடுமுறை போக 26 நாள் என்றுதான் வகுக்க வேண்டும். இவருடைய மாதச் சம்பளம் 11,700 ரூபாய். 26-ஆல் வகுத்தால் 450. 30-ஆல் வகுத்தால் 390. அப்போது மொத்தத் தொகை 1,69,650 ஆகிவிடும். 26,100 ரூபாய் காணாமல்போகும்.

அடுத்தது பஞ்சப்படி. அடிப்படைக் கூலி 300, பஞ்சப்படி 150 என்று இருந்தால், 300-ஐ மட்டும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். அப்படிப் போட்டால் கிடைப்பது 1,30,500 தான். பஞ்சப்படி கிராஜுவிட்டி கணக்கில் கட்டாயம் சேரும். போனஸ், வீட்டு வாடகைப்படி, ஓவர்டைம் ஆகியவைதான் சேராதவை. கொழுந்து எடைக்கு, அதாவது கிலோக் கணக்கில் கூலி வாங்கியவர்களுக்கு, கடைசி மூன்று மாதச் சராசரியை எடுக்க வேண்டும். வரத்து குறைந்த மாதத்தில் ஓய்வுபெறுபவருக்கு இது கொஞ்சம் அடிதான்.

மூன்றாவது, வருஷங்களைக் குறைப்பது. ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை இருந்தால்தான் அது கணக்கில் வரும் என்று சொல்லி, 'உங்களுக்கு மூன்று வருஷம் நாள் குறைவு, 26 வருஷம்தான்' என்பார்கள். தொகை 1,75,500 ஆக இறங்கும். இது முழுப் பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. பிரசவ விடுப்பு, சம்பளத்தோடு எடுத்த விடுப்பு, வேலையில் அடிபட்டுப் படுத்திருந்த நாள்கள் எல்லாம் அந்த 240-ல் சேரும். எஸ்டேட் பூட்டப்பட்டதாலோ, தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றதாலோ விட்டுப்போன காலத்தை சர்வீஸ் முறிந்ததாகச் சொல்லவும் முடியாது. எந்த வருஷம், எத்தனை நாள் என்று செக்ரோல் விவரத்தை எழுத்தில் கேட்டாலே பல நேரம் கணக்கு திருந்திவிடும்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1972-ம் வருஷத்துக் கிராஜுவிட்டி சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. 15 நாள், 26 என்ற அடிப்படை மாறவில்லை. நமது உதாரணத் தொழிலாளி அதற்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டதால் அவருக்குப் பழைய சட்டம். இதில் ஒரு சுவையான செய்தி. மத்திய சட்டம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1970-லேயே கிராஜுவிட்டிக்கென்று சட்டம் போட்ட மாநிலம் கேரளா.

முப்பது நாள்... அதற்குப் பிறகு வட்டி

ஓய்வுபெற்ற 30 நாளுக்குள் 'ஐ' படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது பழைய சட்டத்தின் விதி. தாமதமானால் உரிமை போய்விடாது. விண்ணப்பமே கொடுக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. தாண்டினால் வருஷத்துக்கு 10 சதவிகிதம் தனிவட்டி. நமது தொழிலாளிக்கு இரண்டு வருஷம் இழுத்தடித்தால் வட்டி மட்டும் 39,150 ரூபாய். பலர் அசல் வந்ததே போதும் என்று வட்டியைக் கேட்பதே இல்லை.

கொடுக்க மறுத்தாலோ குறைத்துக் கொடுத்தாலோ தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் 'என்' படிவத்தில் மனு. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. தொழிற்சங்கத்துக்காரர் உடன் வந்தால் போதும். 90 நாள் கெடு உண்டு என்றாலும் தக்க காரணம் சொன்னால் பிறகும் ஏற்பார்கள். தீர்ப்பு வந்தபின் முதலாளி அப்பீல் போகலாம். ஆனால், தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அப்படியும் தராவிட்டால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப்போல வசூலிக்கலாம்.

லயம் வீட்டைக் காலி செய்தால்தான் செக் என்று சொல்வது மலைத்தோட்டங்களில் பழைய பழக்கம். தொழிலாளிக்குப் போக்கிடம் இல்லாதபோது இது பெரிய நெருக்கடி. கிராஜுவிட்டியை ஜப்தி செய்ய முடியாது என்கிறது சட்டம். வீட்டுக்காகப் பிடித்து வைக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. இருந்தும், காலி செய்யாத காலத்துக்கு வாடகையைக் கழித்துக்கொள்ள அனுமதித்த நீதிமன்றத் தீர்ப்புகளும் உண்டு. அதனால், இதில் சங்கத்தையோ சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ கேட்காமல் தனியாக முடிவெடுப்பது ஆபத்து.

விருப்ப ஓய்வுத் திட்டம் இன்னொரு குழப்பம். மாஞ்சோலையில் 1929-ல் தொடங்கிய 99 வருஷக் குத்தகை 2028-ல் முடிவதை ஒட்டி, 2024-ல் பாம்பே பர்மா நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வை அறிவித்தது. இப்படிப்பட்ட திட்டத்தில் தரும் தொகை வேறு, சட்டப்படியான கிராஜுவிட்டி வேறு. 'முழுக்கணக்கும் தீர்ந்தது' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாலும், சட்டம் தரும் கிராஜுவிட்டியைக் குறைக்கும் ஒப்பந்தம் செல்லாது.

பி.எஃப். தடுக்கும் இடம் பெயர்!

பி.எஃப். பக்கம் தகராறு வேறு மாதிரி. தொழிலாளியிடம் 12 சதவிகிதம், முதலாளியிடம் 12 சதவிகிதம். முதலாளி பங்கில் 8.33 பென்ஷன் கணக்குக்குப் போய், மீதி 3.67 மட்டும் பி.எஃப்.பில் சேரும். பாஸ்புக்கில் முதலாளி பங்கு குறைவாகத் தெரிவதன் காரணம் இதுதான்.

பணம் நிற்பது பெரும்பாலும் பெயரிலும் பிறந்த தேதியிலும்தான். எஸ்டேட் ஆபீஸில் மலையாளம் பேசும் கிளார்க் எழுதிய பெயர் ஒன்று, ஆதாரில் இருப்பது ஒன்று. 'முத்துப்பேச்சி' என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியும் என்பது எழுதியவருக்கே தெரியாது. தொழிலாளியும் எஸ்டேட்டும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்த வேண்டும். இதைச் செய்ய வேண்டிய காலம், எஸ்டேட் ஆபீஸில் தெரிந்த முகம் இருக்கும்போதே, அதாவது ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்பு. எஸ்டேட் கைமாறியிருந்தால் பழைய பி.எஃப். நம்பர் ஒன்று தனியாகக் கிடக்கலாம். அதையும் இப்போதைய யு.ஏ.என். எண்ணோடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பாதி சர்வீஸ் மறைந்துவிடும்.

பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். பி.எஃப். எடுப்பதற்கு 19-ம் படிவம், பென்ஷனுக்கு 10டி. முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு, பென்ஷனைக் கேட்காமலே விட்டவர்கள் உண்டு. 'வேலை விட்ட தேதி'யை எஸ்டேட் பதியாமல் வைத்திருப்பதும் சகஜம். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தால், தொழிலாளியே ஆன்லைனில் பதியலாம்.

பிடித்த பணம் கட்டப்படுகிறதா என்று பார்க்க, பதிவு செய்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். இல்லையென்றால் 7738299899-க்கு இந்த எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், தமிழிலேயே பதில் வரும்.

```
EPFOHO UAN TAM
```

கடைசியாகக் கட்டிய மாதம் அதில் தெரியும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து, இங்கே அந்த மாதம் இல்லையென்றால் அது வெறும் பாக்கி அல்ல. தொழிலாளியிடம் பிடித்ததைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடக்கூடாது என்பது இதற்காகத்தான்.

முதலாளியே காணாமல்போனால்?

குமுளி தாண்டிப் போனால் பீர்மேடு. 2000-ம் ஆண்டுவாக்கில் தேயிலை விலை சரிந்தபோது அங்கே பல எஸ்டேட்டுகள் மூடப்பட்டன. பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்களும் அதில் அடக்கம். நிர்வாகம் விட்டுப்போய்விட, கூலி பாக்கி, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் நின்றுபோயின. ஓட்டை லயங்களில் குடும்பங்கள் தங்கிவிட்டன. நாடு முழுக்க இப்படிக் கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டங்களுக்காக சர்வதேச உணவுத் தொழிலாளர் சங்கக் கூட்டமைப்பு 2006-ல் உச்ச நீதிமன்றம் போனது. 2010 ஆகஸ்ட்டில் மத்திய அரசு நடவடிக்கை எடுக்க உத்தரவு வந்தது. அது நடக்கவில்லை என்று 2012-ல் அவமதிப்பு வழக்கு. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்கெடுக்கவே, ஓய்வுபெற்ற நீதிபதி அபய் மனோகர் சப்ரே தலைமையில் 2020-ல் குழு அமைக்க வேண்டிவந்தது.

அந்த மாதிரிக் கணக்கெடுப்பில் பேர் வரவேண்டுமென்றால் கையில் எதாவது ஒரு தாள் இருந்தாக வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, பி.எஃப். நம்பர் எழுதிய அட்டை, எஸ்டேட் ரேஷன் அட்டை, சங்கச் சந்தா ரசீது... எதுவானாலும் சரி. லயத்தைக் காலி செய்து ஜீப்பில் சாமான் ஏற்றும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இந்தத் தாள்கள்தான்.